ஸ்டிக்கர் 105 என்கிறது, கிராங்க் வேறு சொல்கிறது

கேள்வி: அண்ணா, கொடுங்கையூரிலிருந்து எழுதுகிறேன். திருவொற்றியூரில் ஒருவர் கார்பன் ரோடு சைக்கிள் ஒன்றை 85,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். பெரிய கம்பெனி ஃபிரேம், ஷிமானோ 105 செட், ஆனால் பில் தொலைந்துவிட்டதாம். அவர் அனுப்பிய ஒன்பது படங்களை உங்களுக்கு அனுப்புகிறேன். ஃபிரேமில் இருக்கும் எழுத்தையும் பார்ட்ஸில் இருக்கும் பெயரையும் பார்த்து ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று சொல்ல முடியுமா? முன்பணம் 5,000 கேட்கிறார், ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

பதில்:

தம்பி, முதலில் அந்த 5,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

கம்பெனி பெயரை இங்கே எடுத்துவிட்டேன். விற்பவர் நம்ம பக்கத்து ஆள், அவரும் ஏமாந்து வாங்கியிருக்கலாம். உங்கள் படங்களை இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்ததில் என் கணக்கு இது: பின்னால் கியர் மாற்றும் டீரெய்லர் நிஜமான 105. பெடல் மாட்டும் கிராங்க் ஷிமானோதான், ஆனால் 105 கிடையாது, மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். ஃபிரேம் அந்தக் கம்பெனியுடையது இல்லை என்றுதான் நினைக்கிறேன். எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்று சொல்கிறேன், அடுத்த சைக்கிளுக்கு நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

கிராங்கிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. நான்காவது படத்தில் கிராங்க் கையின் வெளிப்பக்கம் தெரிகிறது. அதில் 105 என்ற எழுத்தைச் சுற்றி மெலிதாக ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறது. பார்த்தால் டிசைன் மாதிரி இருக்கும். பெரிதாக்கிப் பாருங்கள், அது அழுக்கு. செயின் எண்ணெயும் ரோட்டுத் தூசியும் சேர்ந்து ஸ்டிக்கரின் ஓரத்தில் தங்கியிருக்கிறது. ஷிமானோ கிராங்கில் பெயரை நேராக மேல்பரப்பிலேயே அச்சடித்திருப்பார்கள், விரல் நகத்தால் தடவினால் தடுக்காது, அதனால் அழுக்கு தங்க அங்கே ஓரமே இல்லை. வருஷக்கணக்கில் ஓட்டினால் ஷூ உரசி எழுத்து மங்கும், பாதி அழியும், ஆனால் எழுத்தைச் சுற்றி இப்படிக் கோடு கட்டாது.

இந்த ஸ்டிக்கர் வேலை செல்லுபடியாவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் தலைமுறை ஷிமானோ ரோடு கிராங்குகள், விலை ஏறும் வரிசையில் கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105, எல்லாமே பல்சக்கரத்தைப் பிடிக்க நாலு கை வைத்த ஒரே சாயல். இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் எனக்கே சட்டென்று தெரியாது. தெருவுக்கு ஒரு ரேடியம் கடை இருக்கிறது, நூறு ரூபாய் கொடுத்தால் 105 என்ன, அதற்கு மேலேயும் வெட்டித் தருவான். ஆனால் ஷிமானோ மாடல் எண்ணைப் பாகத்தின் மறுபக்கத்திலும் போட்டிருக்கும். விளம்பரப் படத்தில் அந்தப் பக்கத்தை யாரும் காட்ட மாட்டார்கள், அதனாலேயே அங்கே கைவைக்கவும் யாரும் மெனக்கெடுவதில்லை. கிராங்கில் கையின் உள்பக்கம், பெடல் திருகும் இடத்துக்குக் கிட்டே பாருங்கள். 105 என்றால் FC-R7000 என்று இருக்க வேண்டும். இப்போதைய வரிசையைச் சொல்லவில்லை, 2018-இல் வந்த 11 ஸ்பீடு 105-ஐ மட்டும் சொல்கிறேன். சோரா என்றால் FC-R3000, கிளாரிஸ் என்றால் FC-R2000.

அதனால்தான் விற்பவரிடம் கிராங்கின் உள்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். முதலில் வந்த படத்தில் கிரீஸ் தவிர ஒன்றும் தெரியவில்லை. துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள் என்று திரும்பச் சொன்னேன், நீங்களும் பாவம் இரண்டு தடவை கேட்டீர்கள். இரண்டாவது படம் நன்றாக வந்தது. FC-R3000, பக்கத்தில் நீளம் 170, கொஞ்சம் தள்ளி QC என்று இரண்டு எழுத்து. ஆக அது சோரா. விஷயம் அங்கேயே முடிந்தது.

அந்த QC பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது தெரியாது. அது தயாரான தேதி. முதல் எழுத்து வருஷம், இரண்டாவது மாதம். மாதம் A ஜனவரியில் தொடங்கி L டிசம்பரில் முடியும். வருஷ எழுத்து 2002-இல் A என்று புதிதாகத் தொடங்கியது, அப்படி எண்ணிக்கொண்டு வந்தால் K 2012, Q 2018, R 2019. ஆக QC என்றால் 2018 மார்ச். அதற்கு முந்தைய சுற்று 1976-இல் A-வில் தொடங்கி 2001-இல் Z-இல் முடிந்தது, அதனால் அதே எழுத்து ஒரு பழைய சைக்கிளில் இருந்தால் 26 வருஷம் பின்னால் போய்விடும். ஆனால் மாடல் எண்ணைப் பார்த்தாலே எந்தச் சுற்று என்று தெரிந்துவிடும், அதில் குழப்பம் வராது.

இதை வைத்து இரண்டு விதமாகப் பிடிக்கலாம். ஒன்று, நடக்கவே முடியாத எழுத்து. சில வருஷத்துக்கு முன்னால் எங்கள் கடைக்கு ஒரு பையன் ஆன்லைனில் வாங்கிய கிராங்க் செட்டைக் கொண்டுவந்தான், டப்பாவோடு, ஸ்டிக்கரே இல்லாமல் எல்லாம் பளபளவென்று அச்சடித்திருந்தது. உள்பக்கம் PT என்று இருந்தது. T இருபதாவது எழுத்து, இருபதாவது மாதம் எந்தக் காலண்டரில் இருக்கிறது? போலி செய்தவன் இரண்டு எழுத்து வேண்டும் என்று மட்டும் தெரிந்து வைத்திருக்கிறான், அதற்கு அர்த்தம் உண்டு என்று தெரியவில்லை. இரண்டாவது, நேரம் ஒத்துவராத எழுத்து. 2018-இல் அறிமுகமான FC-R7000-இல் M என்று தொடங்கினால் அது 2014, அந்த மாடலே அப்போது கிடையாது. ஆனால் எல்லா முரண்பாட்டையும் போலி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இடது கை QC, வலது கை QA என்று இருந்தால் அது சாதாரணம், ஒரே மாதத்தில் செய்த இரண்டு கையைத்தான் சேர்க்க வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை. இடது கை மட்டும் மூன்று வருஷம் புதுசு என்றால் நடுவில் மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஏன் மாற்றினீர்கள், விழுந்ததா என்று கேட்க வேண்டிய கேள்வி அது. அப்புறம், புத்திசாலி போலிக்காரன் நிஜக் கிராங்கைப் பார்த்து அப்படியே எழுத்தை எடுத்துப் போடலாம், அதனால் எழுத்து சரியாக இருப்பதால் மட்டும் பாகம் நிஜம் ஆகிவிடாது.

இடையில் ஒரு செய்தி. நீங்கள் பார்க்கும் அடுத்த சைக்கிளில் அல்டெக்ரா அல்லது டியூரா-ஏஸ் 11 ஸ்பீடு கிராங்க் இருந்து, அந்த எழுத்து KF முதல் RF வரைக்குள் வந்தால், அது நூறு சதம் ஒரிஜினலாக இருந்தாலும் ஜாக்கிரதை. கை இரண்டு பாகமாக ஒட்டப்பட்டது, ஒட்டு பிரியலாம் என்று 2023 செப்டம்பரில் ஷிமானோவே பரிசோதனைக்குக் கூப்பிட்டது. 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை தயாரானவை. 105 அதில் இல்லை.

சரி, பின் டீரெய்லர் நிஜம் என்று எப்படிச் சொன்னேன்? அதன் உள்பக்கம் RD-R7000 என்று படத்தில் படிக்க முடிகிறது. அதைவிட எனக்குப் பிடித்த சாட்சி ஏழாவது படம், பின்னாலிருந்து எடுத்தது. கேசட்டில் எத்தனை பல்சக்கரம் என்று எண்ணினேன், பதினொன்று. கிளாரிஸ் எட்டு, சோரா ஒன்பது, டியாக்ரா பத்து, இந்த 105 பதினொன்று. இதை ஒட்டியோ அச்சடித்தோ மாற்ற முடியாது. பெயரை நம்புவதற்கு முன்னால் பல்லை எண்ணுங்கள் என்று கடைக்கு வரும் பையன்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன். பதினொன்று சக்கரம் போட்ட சைக்கிளில் ஒன்பது ஸ்பீடு கிராங்க் எப்படி வந்தது என்றால், 105 கிராங்கைக் கழற்றித் தனியாக விற்றுவிட்டு சோராவைப் போட்டிருப்பார்கள். ஓட்டம் ஓடும். முன் கியர் மாறும்போது கொஞ்சம் சோம்பேறித்தனம் காட்டும். சோரா கிராங்கால் யாருக்கும் கை கால் போகாது, ஆனால் 105 விலை கொடுக்காதீர்கள்.

ஃபிரேமுக்கு வருவோம், பயம் அங்கேதான். ஆனால் அதற்கு முன்னால் படம். நீங்கள் எனக்கு அனுப்பிய ஒன்பது படமும் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்தவை, அதில் எழுத்தின் ஓரமெல்லாம் அரிசி மாவு பூசின மாதிரி குழைந்துவிட்டது. அந்தக் குழைவைப் பார்த்து ‘அச்சு சரியில்லை, போலி’ என்று சொன்னால் அது முட்டாள்தனம். டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், கேமரா எடுத்த அளவு அப்படியே வரும். எடுக்கும்போது கிட்டே போய் எடுக்க வேண்டாம், கிட்டே போனால் போன் லென்ஸ் நடுவை வீங்க வைத்து ஓரத்தை இழுத்துவிடும். ஆறேழு அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுக்கட்டும். ஒரு படத்தில் கிராங்குக்குப் பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய துண்டுச் சீட்டு இருக்கட்டும், வேறு யாருடைய சைக்கிள் படத்தையோ அனுப்புகிற ஆள்களும் இருக்கிறார்கள்.

நாம் கேட்டு வாங்கிய புதுப் படங்களில் ஒன்று டார்ச் படம். இருட்டில் சைக்கிளை வைத்து, இன்னொரு போனின் டார்ச்சை, ஹேண்டில் பக்கத்திலிருந்து பெடல் பக்கம் சாய்ந்து இறங்கும் டவுன் டியூபின் மேலேயே படுக்க வைத்தது போலப் பிடித்து, வெளிச்சம் எழுத்தைத் தடவிக்கொண்டு போகிற மாதிரி எடுப்பது. கார்பன் ஃபிரேம்களில் பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் எழுத்தைப் போட்டுவிட்டு அதன் மேல் கிளியர் கோட் அடிக்கும். அப்போது எழுத்து கண்ணாடிக்குக் கீழே இருக்கிற மாதிரி. டார்ச் வெளிச்சத்தின் வெள்ளைக் கோடு எழுத்துக்குள் நுழைந்து வெளியே வரும்போது எங்கேயும் உடையாமல் ஒரே இழுப்பாக ஓடும். உங்கள் படத்தில் அந்த வெள்ளைக் கோடு ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் ஒரு சின்னப் படி ஏறி இறங்குகிறது. மூன்றாவது எழுத்தின் உள்மூலையில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு காற்றுக் குமிழ். A-வின் கூர்மையான நுனியில் வெட்டுக் கத்தி ஒரு மயிரிழை தாண்டிப் போன தடம். ரேடியம் கடை மெஷினில் வெட்டின வினைலில் வருகிற தடம் அது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் நாளைக்கு நல்ல சைக்கிளையும் வேண்டாம் என்பீர்கள். மேலே ஒட்டிய ஸ்டிக்கர் என்றாலே போலி இல்லை. விலை குறைந்த அலுமினிய சைக்கிள்களில் கம்பெனியே மேலே ஒட்டி விடுகிறது, சக்கர ரிம்மிலும் சஸ்பென்ஷன் ஃபோர்க்கிலும் மேலே ஒட்டுவது ரொம்ப சகஜம். நம்ம பக்கத்துக் காற்று வேறு. காசிமேட்டிலும் எண்ணூரிலும் கடலைப் பார்த்த பால்கனியில் இரண்டு வருஷம் நின்ற சைக்கிளில் நிஜ ஸ்டிக்கரும் ஓரம் சுருளும், அலுமினிய ஃபிரேமில் பெயின்ட்டுக்கு அடியில் வெள்ளையாகப் பூத்து எழுத்தையே தூக்கிவிடும். அந்த வீக்கம் ஒழுங்கில்லாமல், கீறல் விழுந்த இடத்திலிருந்து பரவும், தொட்டால் சொரசொரக்கும். ஒட்டும்போது மாட்டிய காற்றுக் குமிழ் உருண்டையாக, மழமழவென்று இருக்கும். உங்கள் படத்தில் இருப்பது இரண்டாவது வகை. கார்பன் இப்படிப் பூக்கவும் பூக்காது. இன்னொன்று, யாராவது ஃபிரேமுக்குத் திரும்பப் பெயின்ட் அடித்துவிட்டுப் புதிதாகப் பெயர் ஒட்டியிருக்கலாம். விற்பவர் அப்படித்தான் சொல்வார், சொல்லட்டும். ஆனால் திரும்பப் பெயின்ட் அடித்த ஃபிரேம் என்றால் அடியில் எந்த விரிசலை மூடினீர்கள் என்று நான் கேட்பேன்.

ஆக, ஸ்டிக்கர் மேலே ஒட்டியது என்பது வரைக்கும்தான் டார்ச் சொல்லும். அளவு ஒத்துப்போகிறதா என்று அடுத்து பார்த்தேன். ஸ்கேலே வைக்காத படத்தில் அளவு எப்படி எடுப்பது? சைக்கிளிலேயே ஒரு ஸ்கேல் இருக்கிறது. தண்ணீர் பாட்டில் கூடு மாட்டுகிற இரண்டு திருகுக்கும் நடுவே 64 மில்லிமீட்டர், எந்தக் கம்பெனி என்றாலும் அதே அளவுதான், அப்போதுதான் எல்லாக் கூடும் எல்லா ஃபிரேமிலும் மாட்டும். பெயரும் அதே டவுன் டியூபில் அதே திசையில் ஓடுகிறது. படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து இரண்டு திருகுக்கும் நடுவே எத்தனை பிக்சல், பெயர் தொடக்கத்திலிருந்து முடிவு வரை எத்தனை பிக்சல் என்று எடுத்தால் போதும்.

ஆனால் படம் நேராக எடுத்ததா என்று முதலில் பார்க்க வேண்டும், சாய்த்து எடுத்திருந்தால் கணக்கே தப்பு. அதற்குச் சக்கரத்தைப் பாருங்கள். முன்சக்கரத்தின் அகலமும் உயரமும் பிக்சலில் சமமாக இருந்தால், பின்சக்கரமும் அதே அளவு வந்தால், படம் நேர். ஹேண்டிலைத் திருப்பி வைத்திருந்தால் முன்சக்கரம் முட்டை மாதிரி வரும், அப்போது பின்சக்கரத்தை மட்டும் நம்புங்கள்.

உங்கள் புதுப் படத்தில் சக்கரம் இரண்டும் வட்டம். திருகுகளுக்கு நடுவே 148 பிக்சல், பெயரின் நீளம் 1,075 பிக்சல். 1,075-ஐ 148-ஆல் வகுத்து 64-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 465 மில்லிமீட்டர். அதே மாடல், அதே வருஷம், அதே சைஸ் ஃபிரேம் ஒன்று எனக்குத் தெரிந்தவரிடம் பெரம்பூரில் இருக்கிறது, ஷோரூமில் பில்லோடு வாங்கியது. அதே மாதிரி படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், கணக்கு 427 வந்தது. திருகின் நடுவைக் குறிப்பதில் இரண்டு பிக்சல் தப்பினால்கூட 465-இல் ஆறு மில்லிமீட்டர்தான் மாறும். இங்கே வித்தியாசம் 38. இது கை நடுக்கத்தில் வந்த வித்தியாசம் கிடையாது. ஒரே சைஸ் ஃபிரேமைத் தேடியதற்கும் காரணம் உண்டு. சில கம்பெனிகள் ஃபிரேம் சைஸுக்குத் தகுந்த மாதிரி எழுத்தையும் பெரிதாக்கிச் சின்னதாக்கிப் போடும், அதனால் 52 சைஸையும் 58 சைஸையும் ஒப்பிட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள்.

நீளத்தைவிட இன்னொன்றும் பார்த்தேன், முதல் எழுத்து எங்கே தொடங்குகிறது என்று. பெரம்பூர் ஃபிரேமில் கீழ்த் திருகுக்கு நேர் எதிரே இரண்டாவது எழுத்தின் நடுத்தண்டு வருகிறது. உங்களுடையதில் அந்த இடத்தில் இரண்டு எழுத்துக்கு நடுவே உள்ள இடைவெளி. கம்பெனியில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எழுத்து எங்கே உட்கார வேண்டும் என்று அச்சு வைத்து ஒட்டுவார்கள், பெரிதாகத் தள்ளாது. கண்ணளவில் ஒட்டியவன்தான் இவ்வளவு தள்ளுவான்.

அப்புறம் அடிப்பக்கம். கிராங்கின் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட் இருக்கும் இடத்தின் கீழே சீரியல் எண். ஸ்பெஷலைஸ்டு என்றால் பெரும்பாலும் WSBC என்று தொடங்கும், ட்ரெக் என்றால் WTU. மற்றக் கம்பெனிகளுக்கு வேறு வேறு முறை. கார்பனில் எண்ணைக் குத்த முடியாது என்பதால் பெரும்பாலும் லேபிளாகத்தான் இருக்கும், அதுவும் பெரும்பாலும் கிளியர் கோட்டுக்கு அடியில் இருக்கும். உங்கள் படத்தில் லேபிளின் ஒரு மூலை சுருண்டு நிற்கிறது. அதே படத்தில் சீட் டியூபுக்குக் கீழே UCI முத்திரையும் இருக்கிறது. 2011 முதல் புதிதாக வடிவமைத்த பந்தய ஃபிரேம்களுக்கு உலக சைக்கிள் சம்மேளனம் ஒப்புதல் கொடுத்து இந்த முத்திரையைப் போட அனுமதிக்கிறது. அதில் வெறும் சின்னம் மட்டும் இருக்காது, கம்பெனிக்கு ஒரு குறி, மாடலுக்கு ஒரு குறி, கடைசியில் ரோடு சைக்கிள் என்றால் RD, டைம் டிரையல் என்றால் TT. ஒப்புதல் பெற்ற ஃபிரேம்களின் பட்டியலை அவர்களே வெளியிடுகிறார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உங்கள் படத்தில் படித்த குறியைத் தேடினேன், அந்தக் கம்பெனி பெயருக்கு நேரே அப்படி ஒரு குறி இல்லை. கடைசி எழுத்து வேறு TT. டிராப் ஹேண்டில் போட்ட ரோடு ஃபிரேமில் எதற்கு TT? எங்கிருந்தோ ஒரு முத்திரையைப் பார்த்து அப்படியே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

ஸ்டிக்கர் ஓரத்தில் தெரிந்த படி, நீள வித்தியாசம், முத்திரைக் குறி என்று மூன்றும் ஒரே பக்கம் சாய்வதால்தான் இவ்வளவு தைரியமாக எழுதுகிறேன். இதில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் நேரில் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருப்பேன். இதற்கு நேர்மாறாகவும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: எல்லாம் சரியாக இருக்கிற படத்தைப் பார்த்து நான் ‘ஒரிஜினல்’ என்று எழுதித் தர மாட்டேன். நல்ல போலியில் எழுத்தைக் கிளியர் கோட்டுக்கு அடியிலேயே போடுகிறான், நிஜ ஃபிரேமின் சீரியல் எண்ணையே நூறு ஃபிரேமில் போடுகிறான். படத்தில் தப்பு தெரிந்தால் தப்பு, தெரியாவிட்டால் இதுவரைக்கும் தெரியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். சீரியல் எண்ணை அந்தக் கம்பெனி ஷோரூமில் கொடுத்து, இந்த எண்ணில் என்ன கலர், என்ன சைஸ் விற்றது என்று கேட்பது படத்தைவிட நம்பகமானது.

85,000-க்கு என்ன செய்வது? அந்தக் கம்பெனியின் மேல்மட்ட கார்பன் ஃபிரேம் மட்டுமே புதிதாகச் சில லட்சம் போகும், அந்த விலையைக் கேட்டபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும், சரி பரவாயில்லை. சக்கரம், லீவர், டீரெய்லர், கேசட், பிரேக் மட்டும் வேண்டும் என்றால் தனியாகப் பேசிப் பாருங்கள். லீவரில் ST-R7000, பிரேக்கில் BR-R7000 என்று இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் படம் கேளுங்கள். ஃபிரேமையும் ஃபோர்க்கையும் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஃபோர்க்கின் மேல் குழாய் ஹெட் டியூபுக்குள்ளே மறைந்திருக்கிறது, அதில் கார்பன் எத்தனை அடுக்கு, எந்தத் திசையில் போட்டான் என்று எந்தப் படமும் காட்டாது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி பக்கத்தில் போகும்போது ஒரு குழியில் இறங்கி அது உடைந்தால் விழுவது சாலை ஓரத்தில் இல்லை, லாரி இருக்கும் பக்கம். கார்பன் ஹேண்டில் பாரும் சீட் போஸ்டும் அவருடைய சைக்கிளில் அதே பெயரில் இருக்கின்றன, அதற்கும் இதே பதில்.

எல்லாம் தெரிந்த பிறகு வாங்கி, இரண்டு மாதம் ஓட்டிவிட்டு அதே பெயரைச் சொல்லி இன்னொருவர் தலையில் கட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். போலிப் பெயர் போட்ட பொருளைத் தெரிந்தே விற்பது 1999 வணிகச் சின்னச் சட்டப்படி குற்றம், ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை.

விற்பவரிடம் சண்டை வேண்டாம். ‘கிராங்க் சோராவாக இருக்கிறது, முத்திரைக் குறி பட்டியலில் இல்லை, எனக்கு வேண்டாம்’ என்று இரண்டு வரி அனுப்பிவிட்டு விடுங்கள். பாகங்கள் மட்டும் வாங்குவதாக முடிவானால், அவரையே ஃபிரேமிலிருந்து கழற்றித் தரச் சொல்லிக் கடைக்குக் கொண்டுவாருங்கள். ஞாயிறு பதினொரு மணி வரைக்கும்தான் திறந்திருப்பேன், தண்டையார்பேட்டை மார்க்கெட் கூட்டம் சேர்வதற்கு முன்னால் வந்தால் நிதானமாக ஒவ்வொன்றையும் துடைத்துப் பார்க்கலாம். கிராங்கும் அதோடு வந்தால், அந்த 105 ஸ்டிக்கரை நீங்கள் பிய்த்துவிடாதீர்கள், கடைப் பையன்களுக்கு அந்த அழுக்குக் கோட்டை ஒருமுறை காட்ட வேண்டும்.